கையும் கிழியாமல், திரையும் கீறாமல்

போன மாதம் மதுரையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காய் நறுக்கும்போது பட்டிருக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"அருவாமனை எல்லாம் இல்லப்பா. போன் மேல ஒட்டியிருக்குற கண்ணாடி உடைஞ்சு போச்சு. நகத்தால கொஞ்சம் கொஞ்சமா உரிச்சேன். சுருக்குன்னு ஏறிருச்சு."

போனை வாங்கிப் பார்த்தேன். ஆறரை அங்குலத் திரை. கிரைண்டர் மேலிருந்து தரையில் விழுந்திருக்கிறது. திரைமேல் ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸின் வலது மேல்மூலை நொறுங்கி, அங்கிருந்து விரிசல்கள் விசிறிபோல் நடுப்பகுதிவரை ஓடியிருந்தன. அந்த மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கண்ணாடியைப் பெரியம்மா பெயர்த்தெடுத்திருந்தார். பெயர்த்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கீழேயிருக்கும் உண்மையான திரையில் முடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. விரலும் கிழிந்துவிட்டது, திரையும் கீறிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உடைந்த மூலையில் தொடங்கி, துண்டு துண்டாக, நகத்தால் தள்ளித் தள்ளி எடுத்திருக்கிறார். கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

"டெம்பர்டுன்னா உடைஞ்சாலும் கையைக் கிழிக்காதுன்னு சொன்னாங்களேப்பா?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கார் ஜன்னலில் இருப்பதும் டெம்பர்டு கிளாஸ்தான். அது உடைந்தால் கற்கண்டுக் கட்டிகள்போல மழுங்கிய துண்டுகளாகக் கொட்டும். அந்தக் கண்ணாடியை நன்றாகச் சூடாக்கி, மேற்பரப்பில் வேகமாகக் குளிர்காற்றைப் பாய்ச்சி உறுதியாக்குகிறார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிட, உட்புறம் பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி வெளிப்புறத்தை இறுக்கிப் பிடிக்கிறது. இது நடக்கக் கண்ணாடிக்குக் கொஞ்சம் தடிமன் வேண்டும். நம் போனில் ஒட்டும் கண்ணாடியோ பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். இவ்வளவு மெல்லிய தகட்டில் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் குளிர்ந்துவிடும் என்பதால் அந்த வழி எடுபடாது.

அதனால் வேதியியல் முறையைக் கையாள்கிறார்கள். உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில், சுமார் 400 டிகிரி சூட்டில் கண்ணாடியை ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடங்களில் பெரிய பொட்டாசியம் அயனிகள் வந்து நெருக்கியடித்து உட்காருகின்றன. பத்துப் பேர் அமரும் பெஞ்சில் பதினொரு பேர் உட்கார்ந்ததுபோல மேற்பரப்பு இறுகிவிடுகிறது. கண்ணாடிக்கு வலு கூடுவது உண்மை. ஆனால் உடையும்போது அது கார் கண்ணாடிபோல மழுங்கிய கட்டிகளாக உதிர்வதில்லை. ஊசியும் செதிலுமாகத்தான் உடைகிறது. பெரியம்மா விரலில் ஏறியது அப்படி ஒரு செதில்.

திரையில் கோடு விழுந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். அட்டைப்பெட்டியில் 9H என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9H என்ற கடினமான பென்சிலால் அழுத்திக் கீறினாலும் தடம் விழவில்லை என்பதே அதன் பொருள். கீழேயிருக்கும் திரையும் கண்ணாடி, மேலே ஒட்டியிருப்பதும் கண்ணாடி. கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு பொருள்களில் ஒன்று கூர்மையான செதிலாகி, மற்றொன்றின்மேல் அழுத்தத்தோடு இழுபட்டால் கோடு விழத்தான் செய்யும். செதில் திரைமேல் கிடப்பதால் ஒன்றும் ஆகாது. அதை நகர்த்துவதில்தான் ஆபத்து. ஆகவே இந்த வேலை முழுக்க நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: கண்ணாடியை மேலே தூக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது.

நெம்புவதற்கு எதை எடுப்பது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கண்ணாடியைவிட மிகவும் மென்மையானது, அதனால் திரையைக் கீற முடியாது. புது சிம் வாங்கும்போது சிம்மைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் அட்டை வருமே, அது இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். மெல்லியது, வளையும், தூக்கிப்போட்டாலும் நஷ்டமில்லை. கத்தி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் மூன்றும் வேண்டாம். எஃகு பொதுவாகக் கண்ணாடியைவிடச் சற்று மென்மையானதுதான் என்றாலும், முனையை வைத்து நெம்பினால் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கித் திரையின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும். கடைகளில் பிளேடால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளைக்குப் பல போன்களில் இதையே செய்யும் கைப்பழக்கம் அது. நம் கைக்கு அது வராது.

தொடங்குமுன், உடைந்தது மேலே ஒட்டிய கண்ணாடி மட்டும்தானா என்று பார்த்துவிட வேண்டும். போனை அணைத்து, டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்படி சாய்த்துப் பாருங்கள். ஒட்டுக் கண்ணாடியின் ஓரத்துக்கும் போனின் சட்டத்துக்கும் நடுவே நூலளவு இடம் வெறும் திரையாக இருக்கும். விரிசல்கள் ஒட்டுக் கண்ணாடியின் ஓரத்தோடு நின்றுவிட்டால் நல்லது. அந்த நூலளவு இடத்தையும் தாண்டிச் சட்டம்வரை போனாலோ, போனை உயிர்ப்பித்ததும் கறுப்புத் திட்டோ வண்ணக் கோடுகளோ தெரிந்தாலோ திரையே உடைந்திருக்கிறது. அப்போது உரிக்க முயன்றால் திரையின் துண்டுகளும் சேர்ந்து பெயரும். மேலே டேப் ஒட்டி அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

இரண்டு வகைப் போன்களை இந்த முறையில் தொடவே வேண்டாம். ஒன்று, மடிக்கும் போன். அதன் உள்திரைமேல் இருக்கும் மெல்லிய படலம் திரையின் ஒரு பகுதி. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிப்புப் போன் விமர்சகர்கள் கைக்கு வந்தபோது, சிலர் அதை வழக்கமான ஸ்க்ரீன்கார்டு என்று நினைத்து உரித்தார்கள். திரை கெட்டுப்போனது. இரண்டாவது, ஓரம் வளைந்த திரையில் திரவப் பசையை ஊற்றி, புற ஊதா ஒளியில் காயவைத்து ஒட்டிய கண்ணாடி. அந்தப் பசை கண்ணாடி முழுவதையும் இறுகப் பிடித்திருக்கும். ஒட்டிய கடைக்காரரிடமே கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் போன் தட்டைத் திரைப் போன். அடியில் இருப்பது வழக்கமான சிலிக்கான் பசைதான். இந்தப் பசையின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசையவே அசையாது. அதன் பரப்பு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்து நிற்கும். ஒரு மூலையை மட்டும் மேலே தூக்கினால், அந்த நேரத்தில் எதிர்ப்பது மூலையில் உள்ள ஒரு கோடளவு பசை மட்டுமே. அது விட்டதும் அடுத்த கோடு, அது விட்டதும் அதற்கடுத்தது என்று வரிசையாக விட்டுக்கொண்டே வரும். சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து உரிப்பதுபோலத்தான். ஒரே ஒரு வித்தியாசம், ஸ்டிக்கர் வளையும், கண்ணாடி வளையாது. வளைக்கப் பார்த்தால் இன்னும் உடையும். எனவே மிகக் குறைவாகத் தூக்கி, பசை தானாக விட நேரம் கொடுக்க வேண்டும்.

மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். செதில்கள் பறந்தால் எங்கே விழுந்தன என்று தெரியாது. பெரியம்மாவின் வாசிப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். கண்ணில் ஒரு துகள் விழுந்தால் விரலில் ஏறியதைவிடப் பெரிய தொல்லை. கையுறை இல்லாததால் இரண்டு கைகளிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் துணி பிளாஸ்டரைச் சுற்றினேன். மெல்லிய ரப்பர் கையுறை இருந்தால் அதுவும் சரி. நுண்செதில் தோலில் படாமல் காக்கும். பெரிய துண்டின் கூரான விளிம்பை அது தடுக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. போனை அணைத்து, உறையைக் கழற்றி வைத்தேன்.

முதல் வேலை டேப் ஒட்டுவது. பார்சல் கட்டும் இரண்டு அங்குல டேப் இருந்தது. அதை ஒட்டுமுன் பெரியம்மா பெயர்த்த மூலையில் கிடந்த துகள்களை அகற்ற வேண்டும். ஊதவில்லை, துடைக்கவில்லை. சின்ன டேப் துண்டைப் பசைப்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, ஒற்றி, நேராக மேலே எடுத்தேன். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுத் துண்டு. ஐந்தாறு முறை செய்தபிறகு டேப்பில் ஒன்றும் ஒட்டவில்லை.

பிறகு நீளவாக்கில் ஒரு பட்டை, அதன் ஓரத்தில் சற்று ஏறும்படி இன்னொரு பட்டை. இரண்டு பட்டைகளில் கண்ணாடி முழுவதும் மூடிவிட்டது. மேல்பக்கம் பேச்சுக் கேட்கும் ஸ்பீக்கரின் வலைத்துளையையும் சேர்த்து மூடினேன். செதில் அந்த வலையில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. கீழ்ப்பக்கம் மட்டும் டேப்பைத் திரையோடு ஒட்டாமல், மூன்று விரற்கடை அதிகம் விட்டு, அந்த மிச்சத்தைப் பசைப்பக்கம் உள்ளே இருக்க மடித்துக்கொண்டேன். அதுதான் கைப்பிடி. பக்கவாட்டில் கண்ணாடியைத் தாண்டிய டேப்பை விரலால் மேலே மடித்துவிட்டேன். அது திரையிலும் சட்டத்திலும் ஒட்டிக்கொண்டால் அட்டை உள்ளே நுழையாது. கடைசியாக, மடித்த கைக்குட்டையால் டேப்பை மேலிருந்து கீழாக அழுத்தினேன். தேய்க்காமல் வைத்து வைத்து அழுத்த வேண்டும். இப்போது நூறு துண்டாக இருந்த கண்ணாடி ஒரே துணியில் தைத்ததுபோல ஆகிவிட்டது. துண்டுகள் கையில் வராது, திரையிலும் உருளாது.

அடுத்தது இளஞ்சூடு. வீட்டில் பெரியம்மாவின் மகள் வைத்திருந்த ஹேர் டிரையர் கிடைத்தது. குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருபது நொடி காட்டினேன். புறங்கையை வைத்தால் இளவெந்நீர்போல இருக்க வேண்டும், சுடக் கூடாது. சூடு பசையின் பிடியைச் சற்றுத் தளர்த்தும், அவ்வளவுதான். அதிகம் காட்டினால் வேகமாக வரும் என்று நினைத்து நிமிடக்கணக்கில் காட்டினால் பேட்டரிக்கும், திரையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் பசைக்கும் கேடு. தண்ணீர் புகாமல் காப்பதும் அந்தப் பசைதான். டிரையர் இல்லாதவர்கள் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஒரு நிமிடம் திரைமேல் வைக்கலாம். வெயிலில் போடுவதும் அடுப்பருகே வைப்பதும் வேண்டாம். போனின் முதுகு உப்பியிருப்பதுபோலத் தெரிந்தால் சூடு காட்டவே கூடாது. அது பேட்டரி வீங்கியதன் அடையாளம்.

எந்த மூலையில் தொடங்குவது? பெரியம்மா உடைந்த மூலையில் தொடங்கினார். அங்கே ஏற்கெனவே பெயர்ந்திருப்பதால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அங்கே பிடிப்பதற்கு முழுத் துண்டே இல்லை. தூக்கினால் தூக்கிய சில்லு மட்டும் வரும், மீதி அப்படியே நிற்கும். உடையாத மூலையில் தொடங்கினால் முழுப் பலகைபோல ஒரு பகுதி எழும்பும். அது தன்னோடு சேர்த்து நொறுங்கிய பகுதியையும் டேப்பின் பலத்தில் தூக்கிக்கொண்டு வரும். இந்தப் போனில் வலது மேல்மூலை நொறுங்கியிருந்ததால், நேர் எதிரே இடது கீழ்மூலையை எடுத்துக்கொண்டேன்.

இடது கையால் டேப் கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கி லேசாக இழுத்தபடி, வலது கையிலிருந்த சிம் அட்டையின் மூலையைத் திரையோடு படுக்கவைத்து விளிம்பில் அழுத்தினேன். குத்தவில்லை, நெம்பவில்லை. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுமையிழந்து அட்டையைச் செங்குத்தாக்கும் இடம் இதுதான், அதைச் செய்துவிடக் கூடாது. மறுபடி பத்து நொடி சூடு காட்டி, மறுபடி அட்டையை வைத்தேன். மூலையில் அரிசி அளவுக்கு ஒரு வெளிர்த்திட்டு தோன்றியது. பசை விட்ட இடத்தில் காற்று நுழைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. ஒட்டியிருக்கும் இடம் கறுப்பாகவும் விட்ட இடம் வெள்ளிபோலவும் தெரியும் என்பதால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று வேலை முழுக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம்.

அட்டையை உள்ளே ஆழமாகத் திணிக்காமல், அந்த வெளிர்த்திட்டுக்குள் மட்டும் வைத்தேன். பிறகு கீழ் விளிம்போடு வலதுபக்கம் நகர்த்தினேன். இங்கே அட்டை நகர்வதில் பயமில்லை, அது பிளாஸ்டிக், இந்தப் பக்கம் செதிலும் இல்லை. கீழ் விளிம்பு முழுவதும் விட்டதும் கைப்பிடியை மேலே தூக்கியபடி மெதுவாக மேல்நோக்கி வந்தேன். கண்ணாடியின் விளிம்பு திரையிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேல் எழாமல் பார்த்துக்கொண்டேன். பாதி வந்தபோது 'சடக்' என்று ஒரு சத்தம். வளைவு கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே கையைத் தளர்த்திக் கண்ணாடியைத் தாழ்த்தினேன். டேப் இருந்ததால் புது விரிசல் விழுந்ததே தவிரத் துண்டு எதுவும் உதிரவில்லை.

நடுவில் விரிசல்கள் தொடங்கும் இடத்தில் பசை விட மறுத்தது. இனி முன்னால் இருப்பது நொறுங்கிய பகுதி, அங்கே அட்டையைத் தள்ளினால் அடியில் இருக்கும் செதிலையும் சேர்த்துத் தள்ளும். ஆகவே அட்டையை வெளியே எடுத்துவிட்டேன். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு முழம் எடுத்து, இரண்டு நுனிகளையும் இரு கைகளில் பிடித்து, எழும்பிய கண்ணாடிக்கு அடியில் விட்டு, பசை பிடித்திருக்கும் கோடுவரை கொண்டுபோய் அங்கே மேல்நோக்கி அழுத்தம் கொடுத்தேன். பெரியம்மா என் பக்கத்தில் நின்று டேப் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்கவா?"

"இழுக்காதீங்க பெரியம்மா. தூக்கி மட்டும் பிடிங்க. அதுவா விடும்."

விட்டது. கடைசி மூன்று அங்குலமும் டேப்போடு ஒட்டியபடி பாய் சுருள்வதுபோல எழும்பி வந்தது. தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எடுத்ததும் எல்லோரும் சட்டை நுனியால் திரையை ஒரு துடை துடைத்துவிடுவார்கள். அதுவரை காத்த திரையில் கோடு விழுவது அந்த ஒரு துடைப்பில்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள் அங்கே கட்டாயம் இருக்கும். அறை விளக்கை அணைத்து, இன்னொரு போனின் டார்ச்சைத் திரைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்தேன். துகள்கள் நட்சத்திரங்கள்போல மின்னின. மறுபடி அதே ஒற்றல், டேப் துண்டை வைத்து நேராக மேலே. மின்னுவது எல்லாம் நின்றபிறகுதான் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை லேசாக நனைத்து ஒருமுறை துடைத்தேன். பிசுபிசுப்பு இருந்தால் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். திரைமேல் நேரடியாக ஊற்றக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவமும் தின்னரும் வேண்டாம். கைரேகை படியாமல் இருக்கத் திரைமேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சை அவை அரித்துவிடும்.

பெரியம்மா முதலிலேயே போட்டிருந்த கோட்டின்மேல் நகத்தை ஓட்டினேன். நகம் சிக்கவில்லை. சிக்கினால் ஆழமான கீறல், பின்னாளில் அங்கிருந்தே திரை விரியலாம். சிக்காததால் புதுக் கண்ணாடி ஒட்டினால் அதன் பசை அந்தக் கோட்டை நிரப்பி ஏறக்குறைய மறைத்துவிடும். பற்பசை வைத்துத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பற்பசையில் இருக்கும் மெருகுத்தூள் கீறலை நிரப்பாது, சுற்றியிருக்கும் பூச்சைத்தான் தேய்க்கும் என்று சொல்லித் தடுத்தேன்.

பிறகு அவர் விரலைப் பார்த்தேன். பிளாஸ்டரை எடுத்து டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்தபோது தோலுக்குள் ஒரு மினுக்கம் இருந்தது. செதில் இன்னும் உள்ளேயே இருந்திருக்கிறது. பிதுக்கினால் அது மேலும் உடையும் என்பதால் பிதுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கியை ஆல்கஹாலில் துடைத்து, அது எந்தச் சாய்வில் நுழைந்ததோ அதே சாய்வில் வெளியே இழுத்தேன். முழுதாக வந்தது. நுனி வெளியே தெரியாமல் ஆழத்தில் இருந்தாலோ, மூட்டருகே ஏறியிருந்தாலோ, எடுத்தபின்னும் தொட்டால் குத்தினாலோ வீட்டில் தோண்டக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்று பெரியம்மாவுக்கு நினைவில்லை. மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வரச் சொன்னேன்.

மேசையில் மிச்சமிருந்தது டேப்பில் ஒட்டிய கண்ணாடியும் ஒற்றி எடுத்த துண்டுகளும். டேப்பைப் பசைப்பக்கம் உள்ளே இருக்க மடித்து, மேலே இன்னொரு சுற்று டேப் சுற்றி, விரித்திருந்த செய்தித்தாளோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டினேன். பெரியம்மா அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போடப்போனவர் நின்றார். காலையில் தள்ளுவண்டியோடு வரும் அக்கா வெறுங்கையால் குப்பையைப் பிரித்துப் போடுவதைத் தினமும் பார்க்கிறாராம். காலியான ஹார்லிக்ஸ் டப்பாவில் பொட்டலத்தைப் போட்டு மூடி, பேனாவை எடுத்து அதன்மேல் பெரிய எழுத்தில் "உடைந்த கண்ணாடி" என்று எழுதி, குப்பைக்கூடையில் போடாமல் வாசல் திண்ணையில் தனியாக எடுத்து வைத்தார்.